6×5 மீட்டர் ஃபிளாட் ஸ்லாப்: ஓர ஸ்பான் மொமென்டை காலம் ஸ்ட்ரிப், மிடில் ஸ்ட்ரிப்பில் எப்படிப் பிரிப்பது?

வரைபலகை

வணக்கம். டிராப், கேபிடல், ஓர பீம் எதுவும் இல்லாத ஃபிளாட் ஸ்லாப். கிரிட் ஒரு பக்கம் 6.0 மீ, மறுபக்கம் 5.0 மீ, இரண்டு திசையிலும் நாலு ஸ்பான். தூண் 500×500, தளத்துக்குத் தளம் 3.5 மீ. ஸ்லாப் 220 மி.மீ., எம்25, ஃபே500. சுயஎடை, ஃபினிஷ், பார்டிஷன் சேர்த்து டெட் லோட் 8.5, லைவ் லோட் 3.5. ஆக 12, ஃபாக்டர் போட்டால் 18 கி.நி./மீ².

ஐ.எஸ். 456 பிரிவு 31.4 படி டைரக்ட் டிசைன் மெதட் போட்டிருக்கிறேன். எல்லா ஸ்பானுக்கும் நெகட்டிவ் 0.65, பாசிட்டிவ் 0.35 எடுத்துக்கொண்டேன். காலம் ஸ்ட்ரிப் அகலம் 6 மீ திசைக்கு 2.5 மீ, 5 மீ திசைக்கு 3.0 மீ. அதாவது இரண்டிலும் பேனலில் பாதி. மென்பொருளில் மாடல் செய்து பார்த்தால் தூணுக்கு மேலே என் கணக்கைவிட மொமென்ட் ரொம்ப அதிகமாக வருகிறது, ஓர ஸ்பானில் சுத்தமாக ஒத்துப்போகவில்லை. எங்கே தவறு?

சாரமரம்

முதல் தவறு லோடில் இருக்கும் ப்ரோ. 18-ஐ இரண்டு திசைக்கும் முழுசாகப் போட்டிருக்கீங்களா? டூ-வே ஸ்லாப் மாதிரி லோடு இரண்டு பக்கமும் பிரிந்து போகும். 5 மீ திசைக்குக் கூடுதலாகவும் 6 மீ திசைக்குக் குறைவாகவும் வரணும். முழு லோடையும் இரண்டு தடவை எடுத்தால் கம்பி இரட்டிப்பாகிவிடும்.

ஸ்ட்ரிப் அகலம் பாதி பாதிதான், அதில் சிக்கல் இல்லை.

நடுநிலை அச்சு

இரண்டுமே சரியில்லை. லோடு விஷயம் அடிப்படை என்பதால் முதலில் அது.

பீம் உள்ள டூ-வே ஸ்லாபில் லோடு பிரிவதாகத் தெரிவது ஸ்லாபை மட்டும் பார்ப்பதால்தான். ஸ்லாப் ஒரு திசையில் பாதி லோடை எடுத்தால், மீதியை அது குறுக்குப் பீமில் கொண்டுபோய் இறக்குகிறது. அந்தப் பீம் மறுபடி அதே முதல் திசையில்தான் தூணுக்குப் போகிறது. ஸ்லாபும் பீமும் சேர்த்துக் கூட்டினால் ஒவ்வொரு திசையிலும் முழு லோடும் வந்துவிடும். ஃபிளாட் ஸ்லாபில் பீம் இல்லை, ஆகவே பீம் செய்த வேலையும் ஸ்லாபின் தலையில்தான். பேனலைக் குறுக்கே ஒரு கோட்டில் வெட்டிப் பாருங்கள்: வெட்டில் ஸ்லாபைத் தவிர வேறொன்றும் கிடையாது. நடு ஸ்பான் மொமென்டும், இரண்டு முனை மொமென்டின் சராசரியும் சேர்ந்து அந்த ஸ்பானின் மொத்த மொமென்ட் M0 ஆக வேண்டும். இது கோட் போட்ட விதி இல்லை, வெறும் சமநிலை.

```
M0 = W × ln / 8,   W = w × l2 × ln

6 மீ திசை: ln = 5.5   W = 18 × 5 × 5.5 = 495   M0 = 340.3 kNm
5 மீ திசை: ln = 4.5   W = 18 × 6 × 4.5 = 486   M0 = 273.4 kNm
```

l1 என்பது கணக்குப் போடும் திசையின் ஸ்பான், l2 அதற்குக் குறுக்கு ஸ்பான், இரண்டும் தூண் மையத்திலிருந்து மையம். ln என்பது தூண் முகத்திலிருந்து தூண் முகம், ஆனால் 0.65 l1-க்குக் கீழே இறங்கக் கூடாது. இங்கே அந்த வரம்பு 3.9, 3.25 என்பதால் கவலையில்லை.

அடுத்தது ஸ்ட்ரிப் அகலம். தூண் கோட்டின் ஒவ்வொரு பக்கமும் 0.25 l2, ஆனால் 0.25 l1-ஐத் தாண்டக் கூடாது. கடைசித் துண்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 6 மீ திசையில் l2 = 5 என்பதால் 1.25 + 1.25, அதாவது 2.5 மீ. 5 மீ திசையில் 0.25×6 = 1.5 வரும், ஆனால் l1 = 5 என்பதால் 1.25-லேயே நின்றுவிட வேண்டும். அங்கேயும் காலம் ஸ்ட்ரிப் 2.5 மீ, மிடில் ஸ்ட்ரிப் 3.5 மீ. எந்தத் திசையில் போட்டாலும் காலம் ஸ்ட்ரிப் குறுகிய ஸ்பானில் பாதிதான்.

வரைபலகை

லோடு முழுசாகத்தான் எடுத்திருந்தேன், நல்லவேளை. 3.0-ஐ 2.5 ஆக்கினால் எவ்வளவு மாறும்? மொத்த மொமென்ட் மாறாதே.

நடுநிலை அச்சு

மொத்தம் மாறாது, அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. உள் ஸ்பானில் 5 மீ திசை நெகட்டிவ் 0.65 × 273.4 = 177.7. அதில் 75 சதவீதம் காலம் ஸ்ட்ரிப்புக்கு, 133.3 கி.நி.மீ. இதை 2.5 மீட்டரில் பரப்பினால் மீட்டருக்கு 53.3, 3.0 மீட்டரில் பரப்பினால் 44.4.

கம்பியாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. இந்தத் திசைக் கம்பி உள் அடுக்கு என்று வைத்தால் d = 182. சரியான கணக்கில் 2.5 மீட்டருக்குள் 12 மி.மீ. கம்பி 17 வரும். உங்கள் கணக்கில் 3.0 மீட்டரில் 16. எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அந்த 16-ல் தூணை ஒட்டிய 2.5 மீட்டருக்குள் விழுவது 13 தான். மீதி மூன்றும் வேலை இல்லாத இடத்தில் படுத்திருக்கும். அளவுப் பட்டியலில் எடை சரியாக இருக்கும், தூண் தலையில் விரிசல் வரும்.

மிடில் ஸ்ட்ரிப்புக்கு மீதி 25 சதவீதம், 44.4 கி.நி.மீ. அதை 3.5-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 12.7 தான். தேவைப்படும் கம்பி 165 மி.மீ²/மீ சுற்றி வரும். ஆனால் 0.12 சதவீதக் குறைந்தபட்சமே 264, அதுதான் அங்கே ஆளும். மிடில் ஸ்ட்ரிப் என்பது அடுத்தடுத்த இரண்டு பேனலின் அரை அரைத் துண்டு இல்லை, ஒரே பேனலின் நடுவில் இருப்பது. அதன் இரண்டு பாதிக்கும் இரண்டு வெவ்வேறு தூண் வரிசையிலிருந்து மொமென்ட் வருகிறது. வரிசைகள் சமமில்லாதபோது இரண்டையும் கூட்டித்தான் போட வேண்டும்.

கான்டிலீவர்

என் பிளானிலும் இதே கேள்விதான். 7.5, 4.5 என்று இரண்டே ஸ்பான், மறுபக்கம் 6 மீ நாலு ஸ்பான். நடுத்தூணில் நெகட்டிவ் இரண்டு பக்கமும் வேறு வேறாக வருகிறது. காலம் ஸ்ட்ரிப்புக்கு 75 சதவீதம் எதில் எடுப்பது?

நடுநிலை அச்சு

உங்கள் கேள்வி வேறு சார். அந்தத் திசைக்கு இந்த முறையே செல்லாது. ஒவ்வொரு திசையிலும் தொடர்ச்சியாகக் குறைந்தது மூன்று ஸ்பான் வேண்டும், உங்களுக்கு இரண்டு. அடுத்தடுத்த ஸ்பான் வித்தியாசம் பெரியதில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது, அதாவது 2.5 மீ வரை போகலாம். உங்களுக்கு 3.0. ஓர ஸ்பான் உள் ஸ்பானைவிட நீளமாகவும் இருக்கக் கூடாது. ஈக்விவலன்ட் ஃபிரேம் போட்டு நெகட்டிவ், பாசிட்டிவ் எடுங்கள். அதற்குப் பிறகு ஸ்ட்ரிப் பிரிப்பு இதே 75, 60 சதவீதம்தான்.

இந்த முறை செல்லுகிற இடத்தில் இரு பக்கமும் வேறு வேறாக வந்தால் பெரியதற்கு டிசைன் செய்ய வேண்டும். இல்லையென்றால் வித்தியாசத்தைத் தூணுக்கும் ஸ்லாபுக்கும் விறைப்புப்படி பங்கிட வேண்டும்.

கான்டிலீவர்

அப்போ ஒரு போலித் தூண் போட்டு மூன்று ஸ்பான் ஆக்கிவிட்டால்?

சாரமரம்

😄 ஆர்க்கிடெக்ட் அதைப் பார்த்தால் உங்களையே தூணாக நிற்க வைப்பார்.

நடுநிலை அச்சு

வரைபலகை, இப்போது ஓர ஸ்பான். 0.65, 0.35 உள் ஸ்பானுக்கு மட்டும். ஓர ஸ்பானுக்கு தூண் ஸ்டிஃப்னஸ் வழியாகப் போக வேண்டும்:

```
αc = ΣKc / Ks
Kc (ஒரு தூண்) = 4E × 5.208e9 / 3500 = 5.95e6 E
ΣKc = 11.90e6 E   (மேலும் கீழும்)
Ks = 4E × (5000 × 220³/12) / 6000 = 2.96e6 E
αc = 4.02     1/(1 + 1/αc) = 0.80

வெளி நெகட்டிவ் = 0.65 × 0.80          = 0.52 M0 = 177 kNm
பாசிட்டிவ்      = 0.63 − 0.28 × 0.80   = 0.41 M0 = 138 kNm
உள் நெகட்டிவ்  = 0.75 − 0.10 × 0.80   = 0.67 M0 = 228 kNm
```

சரிபார்க்க (177 + 228)/2 + 138 = 340.5. M0 திரும்பி வந்துவிட்டது. இந்த ஒரு வரியை ஒவ்வொரு ஸ்பானுக்கும் போடுங்கள், பாதித் தவறு அங்கேயே பிடிபடும்.

மேல்மாடியில் மேலே தூண் கிடையாது. αc பாதியாகி 2.01, 1/(1 + 1/αc) 0.67 ஆகும். வெளி நெகட்டிவ் 148 ஆக இறங்கும், பாசிட்டிவ் 151 ஆக ஏறும். கீழ்த்தளத்துக்குப் போட்ட கம்பியை அப்படியே மேல்தளத்துக்கும் நகல் எடுத்தால் அடிக்கம்பி குறைந்துபோகும்.

பிரிப்புக்கு வருவோம். உள் தூண் கோட்டில் நெகட்டிவ் 75 சதவீதம், பாசிட்டிவ் 60 சதவீதம் காலம் ஸ்ட்ரிப்புக்கு. ஆனால் வெளி முனை நெகட்டிவ் 100 சதவீதமும் காலம் ஸ்ட்ரிப்புக்கே. ஓரத்தில் பீமோ சுவரோ இல்லாததால் மிடில் ஸ்ட்ரிப்பின் முனை கிட்டத்தட்ட சும்மா சுழலும், அங்கே மொமென்ட் தங்காது. ஓரத் தூணோ சுவரோ l2-வில் முக்கால் பங்குக்கு மேல் நீண்டிருந்தால் மட்டும் முழு அகலத்துக்கும் சமமாகப் பரப்பலாம்.

177-ஐ 2.5-ஆல் வகுத்து மீட்டருக்கு 71 என்று 21 கம்பியைச் சீராகப் பரப்பிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஸ்லாபிலிருந்து தூணுக்குள் மொமென்ட் போவது தூணின் இரு பக்கமும் 1.5D வரையான அகலத்தில்தான்: 500 + 3×220 = 1160 மி.மீ. வளைவு வழியாகப் போகும் பங்கு இந்த ஓரத் தூணுக்கு சுமார் 0.62, அதாவது 109 கி.நி.மீ. 1.16 மீட்டரில் அது மீட்டருக்கு 94. அதற்கு 12 மி.மீ. கம்பி 14 வேண்டும், இடைவெளி 85 மி.மீ. அளவு. சீராகப் பரப்பினால் அந்த அகலத்தில் 10 தான் விழும். அதே 21 கம்பியில் 14-ஐ உள்ளே நெருக்கிவிட்டு, மீதி 7-ஐ வெளியே விடுங்கள். கூடுதல் கம்பி ஒன்றுகூட வேண்டாம்.

வரைபலகை

மென்பொருள் உச்சத்தில் அதிகம் காட்டியது இதனால்தானா?

நடுநிலை அச்சு

ஒரு பகுதி இது. இன்னொரு பகுதி, வண்ணப்படத்தில் தூண் நடுப்புள்ளியில் தெரியும் எண்ணை யாரும் டிசைனுக்கு எடுப்பதில்லை. மெஷ்ஷைச் சிறிதாக்க ஆக்க அது ஏறிக்கொண்டே போகும். தூண் முகத்தில் ஒரு வெட்டு போட்டு, 2.5 மீ அகலத்துக்குக் கூட்டுத்தொகை எடுங்கள். உள் ஸ்பானில் 6 மீ திசையில் அது 0.75 × 221 = 166-க்குப் பக்கத்தில் வர வேண்டும். பேனல் முழுவதற்கும் கூட்டினால் 221-க்குப் பக்கத்தில். கூட்டுத்தொகை ஒத்துப்போய் பங்கு மட்டும் வேறுபட்டால் பயமில்லை. கூட்டுத்தொகையே வேறுபட்டால் லோடு, சப்போர்ட், தூண் உயரம் என்று திரும்பிப் பாருங்கள்.

இரும்புப்பெட்டி

நடுநிலை அச்சு சார், ஓர முனைக்கு 0.52 M0 என்பதை நம்புகிறீர்களா? அமெரிக்கக் கோடில், ஏ.சி.ஐ. 318-14 வரை இருந்த அட்டவணையில், ஓர பீம் இல்லாத ஃபிளாட் பிளேட்டுக்கு வெளி நெகட்டிவ் 0.26, பாசிட்டிவ் 0.52, உள் நெகட்டிவ் 0.70. 318-19 பதிப்பில் விவரங்களை எடுத்துவிட்டார்கள், பழைய பதிப்பின்படி செய்யலாம் என்ற அனுமதி மட்டும் இருக்கிறது. அதன்படி பார்த்தால் இந்த ஸ்லாபுக்கு ஓரத்தில் 88, நடுவில் 177. நம் கோடு சொல்வது ஓரத்தில் 177, நடுவில் 138. ஒன்றை ஒன்று தலைகீழாகப் போட்டது போல இருக்கிறது.

காரணமும் தெரிந்ததுதான். αc தூணின் முழு விறைப்பையும் ஸ்லாபின் முழு 5 மீ அகலத்தோடு கட்டிப்போட்டதாக நினைக்கிறது. நிஜத்தில் ஓரத் தூண் 500 மி.மீ. அகலத்தில்தான் ஸ்லாபைப் பிடிக்கிறது. அதற்கு அப்பால் உள்ள ஸ்லாப் ஓரம் முறுக்கிக்கொண்டு விலகுகிறது. அந்த முறுக்கத்தின் தளர்ச்சி αc-ல் இல்லவே இல்லை. ஓரம் முதலில் விரிசல் விட்டு மொமென்டை நடு ஸ்பானுக்குத் தள்ளும், அங்கே நீங்கள் 138-க்குத்தான் அடிக்கம்பி போட்டிருப்பீர்கள்.

நடுநிலை அச்சு

வாதம் நியாயமானது. ஓரத்தில் நம் எண் அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கோடு சொன்னதற்குக் கீழே ஓர மேல்கம்பியைக் குறைக்க மாட்டேன். M0 குறையாமல் 10 சதவீதம் வரை மாற்ற அனுமதி இருக்கிறது, அது 177-ஐ 159 ஆக்கும், 88 ஆக்காது.

நான் செய்வது: மேல்கம்பி நம் கோட்டுப்படி, அடிக்கம்பி 0.52 M0-க்கு. இதில் செலவு என்ன என்று பாருங்கள். காலம் ஸ்ட்ரிப் பாசிட்டிவ் 83-லிருந்து 106 ஆகிறது, 2.5 மீட்டரில் 12 மி.மீ. கம்பி 10 என்பது 12 ஆகும். மிடில் ஸ்ட்ரிப் 55-லிருந்து 71, 10 மி.மீ. கம்பி 9 என்பது 12. ஓர பேனல் ஒன்றுக்கு ஐந்து கம்பி. இதற்காகச் சண்டை போடத் தேவையில்லை.

இரும்புப்பெட்டி

அடிக்கம்பிக்குச் சரி. பஞ்சிங் ஷியருக்கு எந்த மொமென்ட்? சிக்கலே அங்கேதான். ஓரத் தூணில் நேர் ஷியர் சுமார் 285 கி.நி., அது 0.81 நி./மி.மீ². 177-ல் 0.38 பங்கு ஷியராகப் போனால் உள்முகத்தில் இன்னொரு 0.88. மொத்தம் 1.69. எம்25-க்கு அனுமதி 0.25√25 = 1.25. ஷியர் கம்பி போட்டாலும் உச்சம் 1.5 மடங்கு, 1.875. மொமென்டைத் தூண் முகத்திலிருந்து வெட்டுச் சுற்றளவின் மையத்துக்கு நகர்த்தினால் இன்னும் ஏறி அந்த உச்சத்தை உரசும். அமெரிக்க முறையில் ஷியருக்கு 0.3 M0 எடுத்தால் 1.32 தான்.

நடுநிலை அச்சு

உள் தூணில் 1.03 தான் வருகிறது, சமனற்ற மொமென்ட் இல்லாமல். பலரும் உள் தூணை மட்டும் பார்த்து 220 போதும் என்று முடித்துவிடுவார்கள், கழுத்தைப் பிடிப்பது ஓரத் தூண்.

பஞ்சிங்குக்கு 0.3 M0 போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட நான் தயாராக இல்லை. வளைவில் தவறினால் ஸ்லாப் தொங்கிக் காட்டும், பஞ்சிங் அப்படி முன்னறிவிப்பு தராது. 177-க்கே பார்த்து, ஷியர் கம்பி போடுவேன் அல்லது ஓர பீம் கேட்பேன்.

இரும்புப்பெட்டி

ஓர பீம் போட்டால் முனை இன்னும் விறைத்து மொமென்ட் கூடும், αc-ல் அது தெரியவும் தெரியாது. பீமின் முறுக்கம் வேறு பார்க்க வேண்டும். எனக்கு டிராப் பேனல்தான் சரியாகப் படுகிறது.

நடுநிலை அச்சு

டிராப் என்றால் ஒவ்வொரு திசையிலும் பேனல் நீளத்தில் மூன்றில் ஒன்றுக்குக் குறையக் கூடாது, இங்கே 2.0 × 1.67 மீ. ஓரத்தில் அரை டிராப் வரும். ஃபார்ம்வொர்க் ஆட்கள் முனகுவார்கள். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன். 😄

தளமேஸ்திரி

கணக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், டிராயிங்கில் இரண்டு விஷயம் எழுதுங்கள். ஒன்று, மேல்கம்பியில் எந்தத் திசை வெளி அடுக்கு என்று. எழுதாவிட்டால் முதலில் எது கையில் கிடைக்கிறதோ அதுதான் கீழே போகும். இரண்டாவது, மேல்கம்பியைத் தாங்கி நிற்கும் சேர் கம்பி. 12 மி.மீ. கம்பி மேல் ஆள் நடந்தால் படுத்துவிடும். காலம் ஸ்ட்ரிப்பில் சேர் இடைவெளி என்னவென்று எழுதாமல் "தேவையான இடத்தில்" என்று போட்டால் எந்த இடத்திலும் வராது.

நடுநிலை அச்சு

மேஸ்திரி சொல்வதற்கு எண் இருக்கிறது. 6 மீ திசையில் உள் காலம் ஸ்ட்ரிப் நெகட்டிவ் மீட்டருக்கு 66.4, 5 மீ திசையில் 53.3. ஆகவே 6 மீ திசைக் கம்பி வெளி அடுக்கு, d = 194. அங்கே 2.5 மீட்டரில் 12 மி.மீ. கம்பி 20 போட்டால் தாங்கும் திறன் 69. கம்பி 20 மி.மீ. இறங்கிவிட்டால் 61. தேவை 66.4, அவ்வளவுதான் கையிருப்பு.

நீளமும் எழுதுங்கள்: காலம் ஸ்ட்ரிப் மேல்கம்பியில் பாதி தூண் முகத்திலிருந்து 0.30 ln, அதாவது 1.65 மீ. மீதி 0.20 ln, 1.10 மீ. மிடில் ஸ்ட்ரிப் 0.22 ln, 1.21 மீ. அளவு தூண் முகத்திலிருந்து, மையத்திலிருந்து அல்ல. ஒவ்வொரு பக்கமும் 250 மி.மீ. அப்படித்தான் தொலைகிறது.

வரைபலகை

ஸ்ட்ரிப் அகலம், ஓர ஸ்பான் இரண்டும் மாற்றிவிட்டேன். 6 மீ வெட்டில் கூட்டுத்தொகை 217 வருகிறது, 221-க்குப் பக்கம். ஓர முனையில் மட்டும் மாடல் 121 காட்டுகிறது. 177-ம் இல்லை, 88-ம் இல்லை.

இரும்புப்பெட்டி

பார்த்தீர்களா.

நடுநிலை அச்சு

விரிசல் இல்லாத முழு ஸ்லாப் ஸ்டிஃப்னஸில் வந்த 121 அது. தூணுக்கு 0.7, ஸ்லாபுக்கு 0.25 என்று குறைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள், அதுவரை பஞ்சிங் ஷீட்டில் 177 இருக்கட்டும்.